புரியாத மெசேஜுக்கு பாட் சொல்லும் பதிலை எப்படி எழுதுவது

"கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறோம். வாட்ஸ்அப்பில் பாட் போட்டிருக்கிறோம், ரிப்போர்ட் அனுப்பும், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க நேரம் குறித்துக்கொள்ளும். புரியாத மெசேஜ் வந்தால் 'தவறான உள்ளீடு. சரியான விருப்பத்தைத் தேர்வு செய்யவும்' என்று போகிறது. நிறைய பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள், சிலர் போன் போட்டுத் திட்டுகிறார்கள். இந்த ஒரு வரியை எப்படி மாற்றலாம்?"

வரியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வரி யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு ஷீட்டில் எடுங்கள். மூன்று பத்தி போதும்: அவர் அனுப்பிய மெசேஜ், அப்போது பாட் எந்தக் கேள்வியில் நின்றது, உங்கள் வரி போன பிறகு அவர் அடுத்து என்ன செய்தார். பெயரும் நம்பரும் அதில் வேண்டாம், ரத்தப் பரிசோதனை விவகாரம், ஷீட் நாலு பேர் கைக்குப் போகும். நான் புதுச்சேரியில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இந்த மாதிரி பாட் எழுதிக் கொடுக்கிறேன், எந்த இடத்திலும் இந்த ஷீட்டைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை. காரணம் எளிது. நீங்கள் 'ஒரு வரி' என்று நினைப்பது உண்மையில் ஏழெட்டு வேறு வேறு நிலைமைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே வரி எழுதினால் அது எதற்கும் பொருந்தாது.

ஷீட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படப்போவது, அந்த வரி போயிருக்கவே கூடாத மெசேஜ்கள். ரிப்போர்ட் கிடைத்ததும் ஒருவர் "ரொம்ப நன்றிங்க" என்று அனுப்புகிறார், பாட் "தவறான உள்ளீடு" என்கிறது. கட்டைவிரல் படம், கைகூப்பும் படம், "சரி", "ஓகே", "வணக்கம்", "காலை வணக்கம்" எல்லாம் இதே கதி. நன்றி சொன்னவரைத் தவறு என்று சொல்லும் லேப் எங்கே இருக்கிறது? இவற்றுக்கெல்லாம் தனியாக ஒரு சொல் பட்டியல் போட்டு, நன்றிக்கு "நல்லதுங்க" என்று ஒரு சின்ன பதில், வணக்கத்துக்கு வணக்கம் சொல்லி மெனு, கட்டைவிரலுக்கு ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருப்பது, அவ்வளவுதான். ஒரு பேச்சு முடிந்த இடத்தில் வரும் "சரி" என்பதற்குப் பதிலே தேவையில்லை. பாட் எழுதுகிறவர்கள் எல்லா மெசேஜுக்கும் ஏதாவது பேசியே ஆகவேண்டும் என்று நினைக்கிறார்கள், வேண்டியதில்லை.

அதே மாதிரி, ரிப்போர்ட் கேட்பவர் எப்படியெல்லாம் எழுதுகிறார் என்பதையும் ஷீட்டிலிருந்து அள்ளி எடுத்து கீவேர்டில் சேருங்கள்:

```
report, reprt, ripot, result, rizalt
ரிப்போர்ட், ரிப்போட், ரிசல்ட், ரிசல்டு
```

பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. இது தெரிந்த விஷயம்தான், வளர்த்தவில்லை. இதைச் செய்த பிறகும் மிச்சம் நிற்பவைதான் நிஜமான 'புரியாத மெசேஜ்'. அவற்றுக்குத்தான் வரி எழுத வேண்டும்.

இப்போது உங்கள் பழைய வரியைப் பார்ப்போம். "தவறான உள்ளீடு" என்பதில் தவறு யாருடையது என்று அனுப்பியவருக்கு நன்றாகவே புரிகிறது. இரண்டாவது பாதி இன்னும் மோசம். "சரியான விருப்பம்" எது என்று தெரிந்திருந்தால் அவர் அதைத்தானே அனுப்பியிருப்பார்? மெனு மேலே எங்கேயோ போய்விட்டது, அதை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும் என்றுகூட பலருக்குத் தோன்றாது. ஆக, திட்டு மட்டும் இருக்கிறது, வழி இல்லை. சிலர் இதைச் சரிசெய்கிறேன் என்று "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்" என்று மாற்றுவார்கள். மரியாதை கூடியிருக்கிறது, வழி இன்னும் வரவில்லை. அதே மெசேஜை அவர் மறுபடி அனுப்புவார், ஏனென்றால் நீங்கள் சொன்னதே அதுதான். மன்னிப்பு மூன்றாவது முறை வரும்போது அது கிண்டல் மாதிரிகூடத் தெரியும்.

நான் எழுதும்போது வரிசை இப்படி: பாட்டுக்கு எது கிடைத்தது அல்லது எது பிடிபடவில்லை என்று நாலைந்து சொல்லில், அடுத்து என்ன அனுப்ப வேண்டும் என்று அப்படியே பார்த்து அடிக்கக்கூடிய மாதிரியோடு, கடைசியில் ஆள்கிட்டப் பேசும் வழி. முதல் பகுதி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. நடுப்பகுதிக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

உங்கள் லேப்பையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ரிப்போர்ட் வேணும் என்று பட்டனை அழுத்துகிறார், பாட் பில் நம்பர் கேட்கிறது. உங்கள் பில் நம்பர் `CL-4471` மாதிரி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். வரும் பதில்கள் இப்படி இருக்கும்: "4471". "cl4471". "4471 எங்க அம்மா பேர்ல". ஒரு பத்து இலக்க செல் நம்பர். "நேத்து காலைல வந்தேனே". "பில் தொலைஞ்சு போச்சு". பில்லின் போட்டோ. இந்த ஏழுக்கும் உங்கள் பாட் இப்போது ஒரே பதில்தான் சொல்கிறது.

முதல் மூன்றுக்கு வரியே வேண்டாம், மெசேஜிலிருந்து இலக்கங்களை மட்டும் பிரித்து எடுத்தால் வேலை முடிந்தது. கோடு போடவில்லை, பெரிய எழுத்தில் அடிக்கவில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது பாட்டின் சோம்பேறித்தனம், நல்ல வரி எழுதி அதை மூடக்கூடாது. பத்து இலக்கம் வந்தால் அது செல் நம்பர் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும், பாட்டுக்கும் தெரிய வைக்கலாம். அப்போது பதில்: "இது போன் நம்பர்னு நினைக்கிறோம். பில் நம்பர் வேணும், பில்லில் மேலே வலது ஓரம் CL-னு ஆரம்பிக்கும்." பில்லில் எந்த இடம் என்று சொல்வது ரொம்ப முக்கியம். 'பில் நம்பர்' என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை, உங்கள் பில்லில் பதிவு எண், சாம்பிள் எண் என்று மூன்று நாலு எண் இருக்கும், எது என்றுதான் தெரியாது. உங்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், அந்த நம்பருக்குப் பக்கத்தில் என்ன தலைப்பு அச்சாகியிருக்கிறதோ அதே சொல்லைத்தான் வரியிலும் போட வேண்டும். பில்லில் ஒரு பெயர், பாட்டில் வேறு பெயர் என்று இருந்தால் எவ்வளவு அழகான வரியும் உதவாது.

"நேத்து காலைல வந்தேனே" என்பவருக்கும் பில்லைத் தொலைத்தவருக்கும் நம்பர் எங்கே இருக்கிறது என்று சொல்வதில் பயன் இல்லை. அவர்களுக்கு இரண்டாவது வழி வேண்டும்: "பில் கைவசம் இல்லைன்னா, டெஸ்ட் எடுத்தவர் பேரும் தேதியும் அனுப்புங்க. இப்படி: முருகன் 12-ஆம் தேதி. எங்க ஆள் தேடிப் பார்த்துச் சொல்வாங்க." இதில் பாட் ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அந்த மெசேஜ் நேரே கவுன்டரில் இருப்பவருக்குப் போகும். பரவாயில்லை, ஆனால் பெயரும் தேதியும் சேர்ந்தே வந்துவிட்டதால் அவர் நாலு கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மாதிரி கொடுத்தால் அந்த மாதிரியையே அப்படியே அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. "இப்படி: CL-4471" என்று நீங்கள் போட்டால், நாலு பேர் CL-4471 என்றே அனுப்புவார்கள், அது நிஜமாகவே யாருடைய பில்லாகவாவது இருந்தால் வம்பு. அதனால் மாதிரியில் நீங்கள் என்றைக்கும் யாருக்கும் கொடுக்காத ஒரு நம்பரைப் போடுங்கள், அது திரும்பி வந்தால் பாட் அடையாளம் கண்டு "இது சும்மா மாதிரிக்குப் போட்டதுங்க, உங்க பில்லில் இருக்கிற நம்பரை அனுப்புங்க" என்று சொல்லட்டும்.

இங்கே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மெசேஜ் புரியாமல் போவது ஒன்று, புரிந்தும் நம்பர் கிடைக்காமல் போவது இன்னொன்று, நம்பர் கிடைத்தும் கொடுக்கக்கூடாது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் "தவறான உள்ளீடு" போனால் அனுப்பியவர் எதைத் திருத்துவார்? CL-4417 என்று இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்தவருக்கு "CL-4417 எங்க பதிவில் இல்லை. பில்லோட ஒருமுறை ஒத்துப் பாருங்க" என்று அவர் அடித்ததையே திருப்பிக் காட்டுங்கள், கண்ணில் பட்ட உடனே திருத்திவிடுவார். மூன்றாவது வகை உங்கள் ஊரில் நிறையவே வரும்: அம்மா நெல்லிக்குப்பத்தில், மகன் சென்னையில், பில் போட்டோ மகனுக்குப் போயிருக்கிறது, அவர் தன் நம்பரிலிருந்து கேட்கிறார். பில் நம்பர் தெரிந்தவருக்கெல்லாம் ரிப்போர்ட் போகக்கூடாது, பில் போடும்போது கொடுத்த செல் நம்பருக்கு மட்டும்தான் போக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அதைச் சொல்லும் விதம்: "இந்த ரிப்போர்ட் பில் போடும்போது கொடுத்த நம்பருக்குத்தான் போகும். அந்தப் போனிலிருந்து 'ரிப்போர்ட்'னு அனுப்பச் சொல்லுங்க, உடனே வந்துடும்." அந்த நம்பர் எது என்று கடைசி இரண்டு இலக்கம்கூடக் காட்டாதீர்கள். மகனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது, அது போதும்.

அடுத்து, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பது. இங்கே பாட் "எந்தப் பகுதி?" என்று கேட்கும், அனுப்பியவர் "பாடலீஸ்வரர் கோயில் பின்னாடி தெரு" என்பார். கடலூர்க்காரர் யாருக்கும் இது துல்லியமான விலாசம். உங்கள் பட்டியலில் 'திருப்பாதிரிப்புலியூர்' என்று இருக்கிறது, இவர் அந்தச் சொல்லை அடிக்கவில்லை, அதனால் தவறான உள்ளீடு. அந்தச் சொல்லையே அடிக்க நினைப்பவரும் திருப்பாப்புலியூர் என்று பேச்சில் வருகிறபடி அடிப்பார், இல்லை ஆங்கில எழுத்தில் தோன்றியபடி சுருக்கி அடிப்பார். ஓ.டி., என்.டி. என்று இரண்டே எழுத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், முதுநகரையும் புதுநகரையும் அப்படித்தானே சொல்கிறோம். இதையெல்லாம் சொல் பட்டியலில் சேர்த்தது போக மிச்சத்துக்கு வரி எழுதும்போது, அவர் கொடுத்ததைத் தூக்கி எறியாதீர்கள்:

"குறிச்சுக்கிட்டோம்: பாடலீஸ்வரர் கோயில் பின்னாடி தெரு. இது எந்த ஏரியாவில் வருது? கீழே தொடுங்க."

கீழே ஏரியாக்களின் பட்டியல், கடைசியில் 'இதில் இல்லை'. முதலில் அவர் சொன்னது கிடைத்தது என்று தெரிகிறது. இரண்டாவது, மறுபடி அடிக்கத் தேவையில்லை, தொட்டால் போதும். மூன்றாவது, ரத்தம் எடுக்கப் போகும் பையனுக்கு 'திருப்பாதிரிப்புலியூர்' என்பதைவிட 'கோயில் பின்னாடி தெரு' என்பதுதான் வழி காட்டும், அது இப்போது பதிவில் இருக்கிறது. நிறைய பாட்களில் ஒரு கேள்விக்குப் பதில் பிடிபடவில்லை என்றால் முதல் மெனுவுக்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதற்குள் அவர் பெயர், டெஸ்ட், தேதி என்று மூன்று கேள்வி தாண்டி வந்திருப்பார். எல்லாம் போச்சு. அப்போது கோபம் வராமல் என்ன செய்யும்? எந்தக் கேள்வியில் நின்றாரோ அதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்க வேண்டும், முன்பு சொன்னவை அப்படியே இருக்க வேண்டும்.

பட்டனும் பட்டியலும் வைக்கும்போது தமிழுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் பதில் பட்டன் மூன்றுக்கு மேல் வைக்க முடியாது, ஒவ்வொன்றிலும் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் என்றால் பத்து வரிசை வரை, வரிசைத் தலைப்பு 24 எழுத்து. இந்த எழுத்து என்பது நாம் எண்ணும் எழுத்து கிடையாது. புள்ளி, கொக்கி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்காகும். 'திருப்பாதிரிப்புலியூர்' நம் கண்ணுக்குப் பதினோரு எழுத்து, கணக்கில் 22. பட்டனில் ஏறாது, பட்டியலில் ஏறும். 'திருப்பாப்புலியூர்' கணக்கில் 18, பட்டனிலேயே ஏறிவிடும், ஊர் வாயில் வருவதும் அதுதான். 'வீட்டில் ரத்தம் எடுக்க' என்பது 22, போகாது. 'வீட்டுக்கு வரணும்' 17, போகும். அளவு மீறினால் வாட்ஸ்அப் அதை வெட்டிச் சுருக்கி அனுப்பாது, மெசேஜையே ஏற்காமல் பிழை காட்டித் திருப்பிவிடும், அனுப்பியவர் திரையில் ஒன்றுமே வராது. 'வரியை மாற்றினோம், அதிலிருந்து பாட் ஊமையாகிவிட்டது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது பட்டனைத்தான்.

எழுத்தே இல்லாத மெசேஜ்கள் தனிக்கதை. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து "இதுக்கு எவ்ளோ ஆகும்" என்று கேட்பது லேப்களுக்கு அன்றாடம் வருவது. வாட்ஸ்அப் ஒவ்வொரு மெசேஜோடும் அது என்ன வகை என்று சொல்லியே அனுப்புகிறது, `text`, `image`, `audio`, `document`, `sticker` என்று. அதனால் படம் வந்தால் "படம் கிடைச்சுது. டாக்டர் சீட்டுன்னா எங்க ஆள் பார்த்து விலை சொல்வாங்க. பில்லுன்னா அதில் இருக்கிற CL நம்பரை மட்டும் அடிச்சு அனுப்புங்க" என்று இரண்டு வழியையும் காட்டலாம். படத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

குரல் மெசேஜ் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா குரலில் பேசி அனுப்புகிறார் என்றால் அவருக்கு அடிக்க வராமல் இருக்கலாம், படிக்கவும் வராமல் இருக்கலாம். அவருக்கு "தயவுசெய்து டைப் செய்து அனுப்பவும்" என்று எழுத்தில் பதில் அனுப்புவதில் என்ன அர்த்தம்? இங்கே நான் செய்வது, கவுன்டரில் பேசும் பெண்ணையே ஒரு சின்ன ஆடியோ பதிவு செய்யச் சொல்வது: "உங்க வாய்ஸ் வந்துடுச்சுங்க. நான் கேட்டுட்டு திருப்பிக் கூப்பிடுறேன். ரிப்போர்ட் மட்டும் வேணும்னா கீழே முதல் பட்டனைத் தொடுங்க." `audio` என்று வந்தால் பாட் அந்தப் பதிவையும், பின்னாடியே பட்டனையும் அனுப்பும். பதினைந்து வினாடிக்குள் முடித்துவிடுங்கள். அந்தப் பெண் வேலையை விட்டுப் போனால் பதிவை மாற்ற மறக்காதீர்கள், பழைய குரலைக் கேட்டுவிட்டு கவுன்டரில் வந்து "அந்தப் பாப்பா எங்க" என்று கேட்பார்கள்.

குரல் என்றதும் முறைச்சொல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கவுன்டரில் ஆளைப் பார்த்து அம்மா, ஐயா, அண்ணா, தம்பி என்று கூப்பிடுகிறோம். பாட்டுக்கு ஆளைத் தெரியாது. இருபது வயதுப் பையனை ஐயா என்பதும், பாட்டியை அண்ணா என்பதும் நடக்கும். அதனால் முறைச்சொல் எதுவும் வேண்டாம், 'அனுப்புங்க', 'பாருங்க' என்ற விகுதியிலேயே மரியாதை வந்துவிடுகிறது. 'உள்ளிடவும்', 'தேர்ந்தெடுக்கவும்' என்பது அரசு ஆபீஸ் படிவத்தின் குரல், அதில் யார் கேட்டாலும் கொஞ்சம் பயம் வரும்.

சரி, முதல் முறை நல்ல வரி போயும் அவர் மறுபடி புரியாததையே அனுப்பினால்? அதே வரியைத் திரும்ப அனுப்பக்கூடாது. இது புதிய யோசனை கிடையாது. போனில் '1-ஐ அழுத்தவும்' என்று பேசும் குரல் அமைப்புகளுக்காக 2004-இல் தரமாக வெளிவந்த வாய்ஸ்எக்ஸ்எம்எல் 2.0-இலேயே, ஒன்றும் பேசாமல் இருந்தால் `noinput`, பேசியது பிடிபடாவிட்டால் `nomatch` என்று தனித்தனியாகப் பிரித்து, எத்தனையாவது முறை என்று `count` வைத்து ஒவ்வொரு முறைக்கும் வேறு வாசகம் எழுத வசதி கொடுத்திருந்தார்கள். இன்றைய வாட்ஸ்அப் பாட்கள் பலவற்றில் அந்த அளவுகூட இல்லை. உங்களுக்குத் தேவை இவ்வளவுதான்:

```python
if misses == 1:
    send(hint[step])
elif misses == 2:
    send(choices[step])
else:
    handover(user)
```

முதல் முறை, எங்கே பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் மாதிரியும். இரண்டாவது முறை, அடிக்கச் சொல்லாமல் தொட மட்டும் சொல்லும் பட்டன்கள்: 'பில் கையில் இல்லை', 'முதலிலிருந்து', 'ஆள்கிட்ட பேசணும்'. மூன்றாவது முறை விவாதம் வேண்டாம், ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பதில் பிடிபட்ட உடனே `misses` பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும், இதை மறந்தால் காலையில் ஒரு எழுத்துப் பிழை செய்தவர் மாலையில் ஒரு தடவை தடுக்கியதுமே நேரே கவுன்டருக்குப் போய்விடுவார். `step` என்பது எந்தக் கேள்வி என்பது, அதனால் `hint` கேள்விக்கு ஒன்றாக இருக்கும், பொதுவாக ஒன்று இருக்காது. உங்கள் பாட்டில் அதிகம் போனால் ஆறு கேள்வி இருக்கும், ஆக எழுத வேண்டியது பன்னிரண்டு வரிகள். ஒரு மத்தியான வேலை.

ஆளிடம் கொடுக்கும் வரியில் நேரத்தைச் சொல்லுங்கள், நிஜமாக நடக்கக்கூடிய நேரத்தை. "எங்கள் பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார்" என்பதை நம்புகிறவர் யாரும் இல்லை. "காலை 7-லிருந்து ராத்திரி 9 வரை ஆள் இருப்பாங்க. இப்போ மூடியாச்சு, நாளைக்கு 8 மணிக்குள்ள பதில் வரும்" என்று எழுதலாம். இதில் வாட்ஸ்அப் வைத்திருக்கும் ஒரு விதி குறுக்கே வரும்: வாடிக்கையாளர் கடைசியாக மெசேஜ் போட்டதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நீங்கள் விருப்பம்போல எழுதலாம், அதைத் தாண்டினால் முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மெசேஜ் மட்டும்தான் போகும். சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஒருவர் கேட்கிறார், ஞாயிறு லேப் விடுமுறை, திங்கள் காலை 7 மணிக்கு உங்கள் ஆள் பார்க்கிறார் என்றால் 34 மணி நேரம் ஓடிவிட்டது, அவர் அடிக்கும் பதில் போகாது. அதனால் சனி ராத்திரிக்கென்று வரி தனி: "திங்கள் காலை நாங்களே கூப்பிடுறோம். வேற நம்பருக்குக் கூப்பிடணும்னா இங்கே அனுப்பி வைங்க." கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கூப்பிட வேண்டும், அதற்கு ஆள் இல்லை என்றால் அந்த வரியைப் போடாமல் ஒரு டெம்ப்ளேட்டை இப்போதே எழுதி ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

சில மெசேஜ்கள் எவ்வளவு நல்ல வரி இருந்தாலும் அந்த வரிக்கு வரவே கூடாது. "காப்பி குடிச்சிட்டேன், வெறும் வயித்துல எடுக்கிற சுகர் டெஸ்ட்டுக்கு இப்ப வரலாமா" என்று காலை ஆறரைக்கு ஒருவர் கேட்கிறார். பாட் 'சுகர்' என்ற சொல்லைப் பிடித்து விலைப் பட்டியலை அனுப்பினால் அவர் கிளம்பி வந்துவிடுவார், வந்த பிறகு நாளைக்கு வாங்க என்பீர்கள். காப்பி, டீ, சாப்பிட்டேன், மாத்திரை போன்ற சொற்கள் இருந்தால் பாட் யூகிக்காமல் "டெஸ்ட்டுக்கு முன்னாடி சாப்பிட்டது, குடிச்சது, மாத்திரை பத்தின கேள்வின்னா எங்க டெக்னீஷியன்தான் சொல்லணும்" என்று சொல்லி நேரே ஆளிடம் தர வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு என்று வந்தால் அதுவும் இல்லை, "இது லேப்பின் தானியங்கிப் பதில். அவசரம்னா உடனே 108-க்குப் போன் பண்ணுங்க" என்று ஒரே வரி, மெனு, பட்டன் எதுவும் கூடாது. இந்தச் சொல் சோதனை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட வேண்டும், கேள்வி எண்ணிக்கை, பில் நம்பர் எல்லாம் அதற்குப் பிறகு.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஷீட்டின் மூன்றாவது பத்தியைப் படியுங்கள். உங்கள் புதிய வரிக்கு அடுத்து பட்டன் தொட்டிருக்கிறாரா, மாதிரியில் சொன்ன வடிவில் அனுப்பியிருக்கிறாரா, அப்படியென்றால் வரி வேலை செய்தது. அதே மெசேஜை மறுபடி அனுப்பியிருந்தால் வரியைப் படிக்கவில்லை அல்லது படித்தும் வழி தெரியவில்லை, பெரும்பாலும் வரி நீளமாக இருக்கும், மாதிரி கடைசியில் போய் ஒளிந்திருக்கும். கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தால் ஒரு சொல் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே அனுப்பாமல் அடுத்த பத்து நிமிடத்தில் கவுன்டருக்குப் போன் வந்திருந்தால், அந்தக் கேள்வியில் ஆளிடம் பேசும் பட்டனை முதல் முறையிலேயே வைத்துவிடுங்கள். எல்லா வரியையும் ஒரே நாளில் மாற்றாமல், அதிகம் பேர் நிற்கும் கேள்விக்கு உரியதை முதலில் மாற்றி ஒரு வாரம் பாருங்கள், உங்களுக்கு அது அநேகமாக பில் நம்பராகத்தான் இருக்கும். மாற்றிய வரியை லேப்பில் சாம்பிள் எடுக்கும் பையனிடமோ வீட்டில் மாமியாரிடமோ காட்டி, "இது வந்தா அடுத்து என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.